வாட்டர்ப்ரூஃப் சன்ஸ்கிரீன் போகவே மாட்டேன் என்கிறது, மூன்று முறை கழுவினால் முகம் இழுக்கிறது

கயல், பெரும்பாக்கம். 5 மே, இரவு 9.40

கத்திரி ஆரம்பித்துவிட்டது. வீட்டிலிருந்து சோழிங்கநல்லூர் ஆபீசுக்கு வண்டியில்தான் போய் வருகிறேன். ஹெல்மெட்டுக்குள் வியர்வை கொட்டுகிறது. சாதா சன்ஸ்கிரீன் வழிந்து கண்ணுக்குள் போய் எரியும், சிக்னலில் நிறுத்திக் கண்ணைத் துடைக்க வேண்டியிருக்கும். அதனால் மார்ச்சிலிருந்து வாட்டர்ப்ரூஃப் சன்ஸ்கிரீன். அதன்மேல் லேசாக ஃபவுண்டேஷன், கண்ணுக்கு வாட்டர்ப்ரூஃப் காஜல்.

போடுவது சுலபம், எடுப்பதுதான் பாடு. இரவு ஃபேஸ் வாஷ் போட்டு ஒருமுறை கழுவித் துண்டால் ஒற்றினால் பழுப்பாகக் கறை. இரண்டாம் முறையும் கொஞ்சம் வரும். மூன்றாம் முறைக்குப் பிறகுதான் துண்டு வெள்ளையாக இருக்கும். ஆனால் அதற்குள் முகம் இழுக்கிறது, வாயைத் திறந்து கொட்டாவி விட முடியவில்லை. மூக்கோரம் தோல் உரிகிறது. அப்படியும் பதினொரு மணிக்குப் பார்த்தால் நெற்றியில் எண்ணெய் மினுக்குகிறது.

டபுள் கிளென்சிங் செய் என்கிறாள் ஆபீஸ் தோழி. ஏற்கெனவே மூன்று முறை கழுவுகிறேன். இன்னும் இரண்டு முறை என்றால் மிச்சமிருக்கிற தோலும் காய்ந்துவிடாதா?

சுமதி, வடபழனி. 5 மே, இரவு 11.15

கயல், நான் 14 வருடமாகக் கல்யாண மேக்கப் செய்கிறேன். முகூர்த்தத்துக்கு நாலு மணிக்குப் போட்ட மேக்கப்பை மதியம் எடுக்கும்போது பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். ஒரே ஃபேஸ் வாஷால் மூன்று முறை கழுவுவது டபுள் கிளென்சிங் ஆகாது. ஒரே தவற்றை மூன்று முறை செய்வது அது.

புது எவர்சில்வர் பாத்திரம் வாங்கினால் ஸ்டிக்கரை உரித்த இடத்தில் பசை நிற்கும் அல்லவா? சோப்புப் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்தாலும் போகாது, கைதான் வலிக்கும். ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் வைத்துக் கொஞ்ச நேரம் விட்டுத் தடவினால் உருண்டு வந்துவிடும். பிறகு அந்த எண்ணெயை எடுக்கக் கொஞ்சம் சோப்பு போதும். உங்கள் முகத்தில் செய்ய வேண்டியதும் இதேதான். வாட்டர்ப்ரூஃப் சன்ஸ்கிரீன் காய்ந்ததும் தோல்மேல் மெல்லிய படலமாகப் படிந்துவிடும். தண்ணீருக்கு அது அசையாது, எண்ணெய்க்குத்தான் இளகும்.

செய்யும் முறை இது. கையும் காய்ந்திருக்க வேண்டும், முகமும் காய்ந்திருக்க வேண்டும். இதில்தான் எல்லாரும் தவறு செய்கிறார்கள், பழக்கத்தில் முதலில் தண்ணீரை அள்ளி அடித்துவிடுகிறார்கள். கிளென்சிங் ஆயில் இரண்டு பம்ப், உள்ளங்கையில் இரண்டு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக நிற்கும் அளவு. கன்னம், நெற்றி, மூக்கோரம், தாடை ஓரம் என்று விரல் நுனியால் மெதுவாக மூன்று நிமிடம். கண்ணைக் கடைசியில் மூடிக்கொண்டு, அழுத்தாமல். கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் முதலிலேயே கழற்றிவிடுங்கள்.

அப்புறம் உடனே கழுவக்கூடாது. கையை மட்டும் நனைத்து, அந்த ஈரக் கையால் மறுபடி தேய்க்க வேண்டும். எண்ணெய் பால் மாதிரி வெளுக்கும். இன்னொரு முறை கையை நனையுங்கள், இன்னும் வெளுத்து நீர்த்துப் போகும். அதற்குப் பிறகுதான் தண்ணீர் விட்டு அலசுவது. அதன்பின் ஃபேஸ் வாஷ் பட்டாணி அளவு, இருபது விநாடி, அவ்வளவுதான்.

முதல் கழுவலுக்கு நேரம் கொடுங்கள். இரண்டாவதற்குக் கொடுக்காதீர்கள்.

பாபு, மேடவாக்கம். 6 மே, காலை 7.05

பெரும்பாக்கம் என்று படித்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. தண்ணீர்தான் காரணம். எங்கள் அபார்ட்மென்ட்டிலும் போர் தண்ணீர், மீட்டர் வைத்துப் பார்த்தால் டிடிஎஸ் 1100 காட்டுகிறது. இந்தக் கடினத் தண்ணீரில் எண்ணெய் எந்தக் காலத்திலும் போகாது, முகத்திலேயே ஒட்டிக்கொள்ளும். கிளென்சிங் ஆயிலெல்லாம் மெட்ரோ தண்ணீர் வருகிற வீட்டுக்குத்தான் சரிவரும். முதலில் குழாய்க்கு ஒரு ஃபில்டர் போடுங்கள், சன்ஸ்கிரீன் தானாகப் போகும்.

கோவளம் செல்வா. 6 மே, காலை 10.30

நான் அலைச்சறுக்கு கற்றுக்கொடுக்கிறேன், நாள் முழுக்கக் கடலில்தான். நானும் இரண்டு முறைதான் கழுவுகிறேன், காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. ஒரு பிரச்சினையும் இல்லை. மூக்கிலும் கன்னத்திலும் பூசும் வெள்ளை ஜிங்க் ஸ்டிக் மட்டும் அடுத்த நாள் வரைக்கும் இருக்கும். தலையணை உறையெல்லாம் வெள்ளை. அது போனால் என்ன, இருந்தால் என்ன என்று விட்டுவிடுகிறேன்.

சுமதி. 6 மே, மதியம் 2.20

செல்வா தம்பி, காலையும் மாலையும் கழுவுவது வேறு. இங்கே பேசுவது ஒரே இரவில் அடுத்தடுத்துச் செய்கிற இரண்டு வேலை, முதலில் எண்ணெய், பிறகு நுரை. காலையில் இது தேவையே இல்லை. இரவு தூங்கி எழுந்த முகத்தில் வாட்டர்ப்ரூஃப் எதுவும் இல்லையே. எனக்குக் காலையில் வெறும் தண்ணீர்தான், வியர்த்திருந்தால் துளி ஃபேஸ் வாஷ்.

உங்கள் ஜிங்க் ஸ்டிக் மெழுகில் செய்தது. அதற்குக் கண்டிப்பாக எண்ணெய் வேண்டும். ஆனால் அந்தக் கெட்டிப் பூச்சை எண்ணெயோடு தேய்த்துப் பரப்பினால் முகம் முழுக்க வெள்ளை பூசிக்கொள்ளும். முதலில் எண்ணெய் தடவி ஊறவிட்டு, ஈரத்துணியால் ஒருமுறை வழித்து எடுத்துவிடுங்கள். பிறகு புதிதாகக் கொஞ்சம் எண்ணெய்.

பாபு சொன்ன தண்ணீர் விஷயத்தில் எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. மகாபலிபுரம் பக்கம் ரிசார்ட் கல்யாணங்களுக்குப் போகும்போது உப்புத் தண்ணீரில்தான் மேக்கப்பைக் கலைத்திருக்கிறேன், எண்ணெய் போகத்தான் செய்தது.

ரவி, அம்பத்தூர். 6 மே, இரவு 10.50

அழகுசாதனத் தொழிற்சாலையில் ஃபார்முலேஷன் வேலையில் இருக்கிறேன். சுமதி அவர்களின் கண்ணுக்குப் பட்டது சரி. காரணத்தை மட்டும் சொல்கிறேன்.

கிளென்சிங் ஆயில் என்பது வெறும் எண்ணெய் இல்லை. அதில் எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துப் பிடிக்கும் ஒரு பொருள் கலந்திருக்கும். கையை நனைத்ததும் பாலாக வெளுப்பது அதனால்தான். பொதுவாக அதில் சேர்க்கும் வகை, தண்ணீரிலுள்ள கால்சியம், மெக்னீசியத்தோடு வம்புக்குப் போகாது. போர் தண்ணீரிலும் நன்றாகவே அலசிப் போகும். ஆகவே பாபு, எண்ணெய் போகாது என்பது சரியில்லை. டிடிஎஸ் மீட்டர் காட்டுவதும் கடினத்தன்மை ஆகாது. கரைந்திருக்கிற உப்பு எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லும் எண் அது. கடற்கரைப் பக்கம் அதில் பெரும்பகுதி சாதாரண உப்பாகவே இருக்கலாம்.

ஆனால் தண்ணீரைச் சந்தேகப்பட்டதில் பாபு பாதி சரி. கடினத் தண்ணீர் சண்டை போடுவது சோப்போடு. இரண்டும் சேர்ந்தால் கரையாத வெள்ளைப் படிவு வரும், பக்கெட் ஓரத்தில் படிகிறதே அதே படிவு. அது தோலிலும் படியும். கை வைத்துத் தேய்த்தால் கிறீச்சென்று சத்தம் வரும். ஜனங்கள் அதைச் சுத்தம் என்று நினைக்கிறார்கள்.

நான் முகத்துக்குச் சோப்பே போடுவதில்லை, ஃபேஸ் வாஷ்தான் என்று கயல் சொல்லக்கூடும். டியூபைத் திருப்பி, சேர்மானப் பட்டியலின் முதல் ஐந்தாறு பெயர்களைப் பாருங்கள். மிரிஸ்டிக் ஆசிட், ஸ்டியரிக் ஆசிட், லாரிக் ஆசிட் இவற்றில் ஒன்றிரண்டும், கூடவே பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் இருந்தால் அது டியூபுக்குள் இருக்கும் சோப்பு. அந்த அமிலங்களும் காரமும் சேர்ந்து தயாரிப்பின்போதே சோப்பாகிவிடும். தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது, ஐந்தை ஒட்டிய பிஹெச். இந்த வகை ஃபேஸ் வாஷ் ஒன்பதைத் தாண்டும்.

கயல். 7 மே, காலை 8.10

ரவி சார், டியூபைப் பார்த்தேன். இரண்டாவது பெயர் மிரிஸ்டிக் ஆசிட். நான்காவது ஸ்டியரிக். ஆறாவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. வெளியே பெரிய எழுத்தில் "மென்மையானது" என்று போட்டிருக்கிறது!

நுரை க்ரீம் மாதிரி கெட்டியாக வரும், அதற்காகவே பிடித்து வாங்கினேன். இதைத்தான் தினம் மூன்று முறை, பெரும்பாக்கம் போர் தண்ணீரில்.

ரவி. 7 மே, காலை 8.40

கெட்டியான, க்ரீம் போன்ற நுரை அந்த வகையின் அடையாளம். ஒருமுறை போட்டால் பலருக்கு ஒன்றும் ஆகாது, எண்ணெய்ப்பசை அதிகமுள்ளவர்களுக்குப் பிடிக்கவும் செய்யும். மூன்று முறை என்பதுதான் தாங்காது.

மாற்றாகத் தேடும்போது பட்டியலில் ஐசெதியோனேட், குளுக்கோசைட், பீட்டைன் என்று முடியும் பெயர்கள் மேலே இருக்கிறதா பாருங்கள். நுரை குறைவாக வரும், வேலை செய்யவில்லையோ என்று தோன்றும். எண்ணெய் தன் வேலையை முடித்துவிட்டால் அதற்கு மிச்சம் அதிகம் இல்லை.

சுமதி. 7 மே, இரவு 11.30

இந்த ரவி சார் சொன்னதைப் படித்துவிட்டு என் பெட்டியிலிருந்த மூன்று டியூபையும் எடுத்துப் பார்த்தேன். ஒன்று சோப்பு வகை. மணப்பெண்களுக்கு எண்ணெய் வைத்து எடுத்த பிறகு அதைத்தான் கொடுத்து வந்திருக்கிறேன். ஒரு பெண் மறுநாள் வரவேற்புக்கு வந்தபோது, "அக்கா, கன்னம் எரியுது, பவுடர் திட்டுத்திட்டா நிக்குது" என்றாள். ஏசி காற்று என்று சொல்லிச் சமாளித்தேன். அது ஏசி இல்லை என்று இப்போது தோன்றுகிறது. மனசு கஷ்டமாக இருக்கிறது. அந்த டியூபை எடுத்து வைத்துவிட்டேன்.

லலிதா டீச்சர், மயிலாப்பூர். 8 மே, மாலை 4.15

நாற்பது வருடமாக நாட்டியம் சொல்லித் தருகிறேன். எங்கள் காலத்தில் பான்கேக் மேக்கப்பைக் கலைக்கத் தேங்காய் எண்ணெய், பழைய வேட்டித் துணி, பயத்தம் மாவு. மேடைக்குப் பின்னால் ஒரு கிண்ணத்தில் எண்ணெய் ஊற்றி வைத்திருப்போம். சலங்கையைக் கழற்றுவதற்கு முன்னாலேயே சின்னப் பெண்கள் வரிசையாக முகத்தை நீட்டுவார்கள். துணியில் முதலில் ஆரஞ்சு, பிறகு கறுப்பு மை, கடைசியில் உதட்டுச் சிவப்பு என்று வரும். எவர் முகமும் கெட்டுப் போகவில்லை. இதற்கு இங்கிலீஷ் பெயர் வைத்துப் பாட்டில் விற்கிறார்கள். வீட்டில் இருக்கிற எண்ணெயே போதுமே?

சுமதி. 8 மே, இரவு 9.00

டீச்சர், நானும் ஆரம்பத்தில் தேங்காய் எண்ணெயில்தான் கற்றுக்கொண்டேன், என் குருவும் அதையேதான் வைத்திருந்தார். மேக்கப்பை இளக்குவதில் அதற்குக் குறையே இல்லை. அரிதாரம் கலைக்கிற கை தெரிந்தவர்கள் நீங்கள், அதனால் உங்களுக்கு ஒன்று நினைவிருக்கும். துணியால்தான் அதை எடுத்தீர்கள், தண்ணீரால் இல்லை. தேங்காய் எண்ணெய் தண்ணீரோடு சேராது. துணியால் வழிக்காமல் நேராகக் கழுவினால் முகத்திலேயே நிற்கும். அதை எடுக்கக் காட்டமான சோப்பு வேண்டும், இல்லை மாவு போட்டுத் தேய்க்க வேண்டும். வருடத்தில் பத்து மேடை ஏறுகிறவருக்கு அது சரி. கயல் மாதிரி வாரத்தில் ஆறு நாள் துணியும் மாவும் தேய்த்தால் தோல் தாங்குமா?

வீட்டில் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். டம்ளரில் பாதித் தண்ணீர், அதில் நாலு சொட்டு எண்ணெய், ஸ்பூனால் கலக்குங்கள். தேங்காய் எண்ணெய் ரசத்தில் மிதக்கிற மாதிரி கண் கண்ணாக மேலே நிற்கும். கிளென்சிங் ஆயில் என்றால் தண்ணீரே மோர் மாதிரி வெளுக்கும். வெளுக்காவிட்டால், பாட்டிலில் என்ன பெயர் போட்டிருந்தாலும் அது அலசிப் போகாத எண்ணெய்தான்.

லலிதா டீச்சர். 9 மே, காலை 6.30

கலக்கிப் பார்த்தேன். நீ சொன்ன மாதிரிதான் நின்றது.

இன்னொன்று கேட்க வேண்டும். என் மாணவி ஒருத்திக்கு நெற்றி முழுக்கச் சின்னச் சின்னதாக, எல்லாம் ஒரே அளவில், அரிப்போடு வந்திருக்கிறது. சரியாகக் கழுவவில்லை என்று அவள் அம்மா தினம் இரண்டு முறை தேங்காய் எண்ணெய் வைத்துத் துடைத்துவிடுகிறாள். கூடிக்கொண்டேதான் போகிறது.

ரவி. 9 மே, காலை 9.20

டீச்சர், அந்தப் பெண்ணைத் தோல் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். பார்க்காமல் நான் எதுவும் சொல்ல முடியாது. ஆனால் ஒரே அளவில், அரிப்போடு, நெற்றியில் என்றால் சாதாரணப் பருவாக இல்லாமல் பூஞ்சையாக இருக்க வாய்ப்பு உண்டு. நம் ஊர் வியர்வைக்கு அது வருவது அபூர்வமில்லை. அந்த வகைப் பூஞ்சை எண்ணெயிலுள்ள கொழுப்பு அமிலங்களைத் தின்று வளரக்கூடியது. அப்படியானால் அம்மா தீனி போட்டுக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். டாக்டரைப் பார்க்கும் வரை எண்ணெயை நிறுத்திவைக்கலாம். அதுவரை வாட்டர்ப்ரூஃப் எதையும் பூசாமல் இருந்தால் எண்ணெய் தேவைப்படாது.

கயல். 12 மே, மாலை 5.50

ஐந்து நாளாகச் செய்கிறேன். ஆயில் வாங்கினேன், பீட்டைன் வகை ஃபேஸ் வாஷும் வாங்கினேன். இழுப்பது பாதி குறைந்திருக்கிறது. ஆனால் இப்போது புதுக் கவலை, சன்ஸ்கிரீன் நிஜமாகவே போகிறதா?

அதனால் இன்று ஞாயிறு என்று உட்கார்ந்து சோதித்தேன். இடது முழங்கையின் உள்பக்கம் பேனாவால் மூன்று கட்டம். மூன்றிலும் அதே சன்ஸ்கிரீன், ஃபவுண்டேஷன் இல்லை. அரை மணி நேரம் காயவிட்டேன். முதல் கட்டத்தைத் தண்ணீரால் மட்டும் கழுவினேன். இரண்டாவதைப் புது ஃபேஸ் வாஷால் அரை நிமிடம். மூன்றாவதை எண்ணெய், பிறகு ஃபேஸ் வாஷ். துண்டால் ஒற்றிவிட்டு ஒவ்வொன்றின் மேலும் ஒரு சொட்டுத் தண்ணீர்.

முதலாவதில் தாமரை இலைத் தண்ணீர்தான், முத்தாக நின்று கையைச் சாய்த்ததும் உருண்டு ஓடியது. இரண்டாவதில் நடுவில் பரவியது, ஓரத்தில் முத்து. மூன்றாவதில் கொஞ்சம் பரவி, கொஞ்சம் குவிந்து நின்றது. முழுதாகப் பரவவில்லை. அப்படியென்றால் சன்ஸ்கிரீன் மிச்சம் இருக்கிறதுதானே? இன்னொரு முறை எண்ணெய் போட வேண்டுமா?

ரவி. 12 மே, இரவு 8.15

போட வேண்டாம். நல்ல சோதனை, ஆனால் ஒப்பிட இரண்டு கட்டம் குறைகிறது. எண்ணெய் மிச்சமிருந்தாலும் தண்ணீர் குவிந்துதான் நிற்கும். ஏன், வெறும் தோலில்கூடத் தண்ணீர் கண்ணாடியில் பரவுகிற மாதிரி பரவாது. வலது கையில் இரண்டு கட்டம் போடுங்கள். ஒன்றில் எதுவுமே பூச வேண்டாம். இன்னொன்றில் சன்ஸ்கிரீன் இல்லாமல் எண்ணெய், பிறகு ஃபேஸ் வாஷ். அவற்றோடு ஒப்பிட்டால்தான் மூன்றாவது கட்டம் என்ன சொல்கிறது என்று தெரியும்.

நீங்கள் முதலில் செய்த துண்டுச் சோதனைக்கும் இதே குறை. துண்டில் வந்த பழுப்பு ஃபவுண்டேஷனின் நிறம். சன்ஸ்கிரீன் வெள்ளைத் துண்டில் தெரியாது. மூன்றாம் முறை துண்டு வெள்ளையாக இருந்ததால் நிறம் போனது தெரியும், படலம் போனது தெரியாது.

கயல். 12 மே, இரவு 9.05

செய்துவிட்டேன். எதுவும் பூசாத கட்டத்தில் சொட்டு கொஞ்சம் குவிந்துதான் நின்றது, கிட்டத்தட்ட என் மூன்றாவது கட்டம் மாதிரி. எண்ணெயும் ஃபேஸ் வாஷும் மட்டும் போட்ட கட்டத்தில் அதைவிடக் கொஞ்சம் அதிகமாகக் குவிந்தது.

ரவி. 12 மே, இரவு 9.30

அப்படியானால் சன்ஸ்கிரீன் போய்விட்டது, மிச்சம் இருப்பது எண்ணெயின் சாயல்தான். கை நனைத்துத் தேய்க்கும் அந்த இடைக்கட்டத்தை அவசரமாக முடிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எவ்வளவு நேரம் செய்கிறீர்கள்?

கயல். 12 மே, இரவு 9.34

பால் மாதிரி வந்ததும் அலசிவிடுகிறேன் சார். ஐந்து விநாடி இருக்கும்.

சுமதி. 12 மே, இரவு 10.45

அங்கேதான் கோட்டை விடுகிறீர்கள் கயல். பால் வந்தது ஆரம்பம்தான். நெற்றி முடி ஓரம், காது மடலுக்கு முன்னால், தாடைக்கு அடியில் எல்லாம் ஈரக் கை போயிருக்காது. அங்கேயெல்லாம் எண்ணெய் எண்ணெயாகவே நிற்கும். இரண்டு முறை, வேண்டுமானால் மூன்று முறை கையை நனைத்து, முகத்தில் எங்கே தொட்டாலும் வழுவழுப்பு போய்த் தண்ணீராக ஓடும் வரை. அரை நிமிடம் ஆகும். அதைச் செய்தால் ஃபேஸ் வாஷைக் கூட்ட வேண்டிய ஆசையே வராது. எண்ணெய் பிசுக்கு நிற்கிறதே என்றுதான் எல்லாரும் இரண்டாவது கழுவலை நீட்டுகிறார்கள், அங்கே மறுபடி தோல் காய்கிறது.

நான் முதல் நாள் எழுதிய ஒன்றையும் திருத்த வேண்டும். மூன்று நிமிடம் தேய்க்கச் சொன்னேன். அது பசை வைத்து ஒட்டிய இமை முடி, அடுக்கடுக்கான மேக்கப் என்று இருக்கிற மணப்பெண் கணக்கு. நேற்று என் முகத்திலேயே சன்ஸ்கிரீன் மட்டும் பூசிப் பார்த்தேன், ஒரு நிமிடத்திலேயே விரலுக்கடியில் அந்த இழுவை போய் வழுக்க ஆரம்பித்துவிட்டது. உரிந்துபோயிருக்கும் தோலில் மூன்று நிமிடம் விரல் ஓட்டினால் அதுவே எரிச்சல். உங்களுக்கு ஒரு நிமிடம் போதும்.

பாபு. 13 மே, காலை 7.20

ரவி சார், டிடிஎஸ் விஷயம் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு சொம்பு கேன் தண்ணீர் எடுத்துக்கொண்டால் நல்லதுதானே? என் மனைவி அப்படித்தான் செய்கிறாள், முகம் மென்மையாக இருக்கிறது என்கிறாள்.

ரவி. 13 மே, காலை 8.00

தீங்கு இல்லை. சோப்பு வகை போடுகிறவருக்கு வித்தியாசம் தெரியலாம். சோப்பு இல்லாத ஃபேஸ் வாஷுக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குச் சந்தேகம். உங்கள் வீட்டில் எந்த வகை?

பாபு. 13 மே, காலை 8.25

பார்த்தேன். மிரிஸ்டிக் ஆசிட் இருக்கிறது.

செல்வா. 16 மே, இரவு 7.40

சுமதி அக்கா, எண்ணெய் வைத்து ஈரத்துணியால் வழித்துப் பார்த்தேன். துணி வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிட்டது. இவ்வளவையும் முகத்தில் வைத்துக்கொண்டா தூங்கினேன்! என்னிடம் படிக்கிற பையன்களுக்கும் சொல்லிவிட்டேன். ஒரு கேள்வி, எண்பது நிமிடம் தாங்கும் என்று ஒரு சன்ஸ்கிரீனில் போட்டிருக்கிறது. எண்பது நிமிடம் கழித்துத் தானாகப் போய்விடும் என்றால் எதற்கு எண்ணெய்?

ரவி. 16 மே, இரவு 9.10

செல்வா, அந்த எண்பது நிமிடம் தண்ணீருக்குள் இருந்தால் பாதுகாப்பு எவ்வளவு நேரம் நிற்கும் என்பதற்கான உறுதி. அதற்குப் பிறகு மறுபடி பூச வேண்டும் என்று அர்த்தம், படலம் கரைந்து காணாமல் போகும் என்று இல்லை. அமெரிக்காவில் 2011இல் வந்த விதிப்படி லேபிளில் வாட்டர்ப்ரூஃப் என்றே போடக்கூடாது, 40 நிமிடம் அல்லது 80 நிமிடம் என்றுதான் போடலாம். முற்றிலும் தண்ணீர் புகாத சன்ஸ்கிரீன் எதுவும் இல்லை. ஆனால் கழுவும்போது விடாமல் ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு அது பிடிவாதமானது.

இதையே திருப்பியும் பார்க்கலாம். அப்படி எந்த உறுதியும் லேபிளில் இல்லாத சாதா சன்ஸ்கிரீனுக்குப் பெரும்பாலும் ஒருமுறை ஃபேஸ் வாஷ் போதும். கயல் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாளில் அதைப் பூசினால் அன்று இரவு எண்ணெயே வேண்டாம்.

லலிதா டீச்சர். 20 மே, காலை 11.00

அந்தப் பெண்ணை டாக்டர் பார்த்தார். பூஞ்சைதான் என்று சொல்லிக் களிம்பு கொடுத்திருக்கிறார். எண்ணெயை நிறுத்தச் சொன்னார். அவள் அம்மாவுக்கு இன்னும் சமாதானம் ஆகவில்லை, தேங்காய் எண்ணெய் எப்படி ஆகாமல் போகும் என்கிறாள். ஜூலையில் அரங்கேற்றம் வைத்திருக்கிறார்கள். மேக்கப்பை எதைக் கொண்டு எடுப்பது?

ரவி. 20 மே, மதியம் 1.30

அரங்கேற்றத்துக்குள் அடங்கிவிட்டாலும் டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். என் யோசனை, முதல் சேர்மானமாக மினரல் ஆயில் உள்ள கிளென்சிங் ஆயில் ஒன்றைப் பாருங்கள். அந்தப் பூஞ்சைக்கு மினரல் ஆயிலில் தீனி இல்லை. கூடச் சேர்க்கும் மற்றப் பொருள்களைப் பற்றி அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் நன்றாக அலசிப் போவது முக்கியம்.

சுமதி. 20 மே, இரவு 10.20

டீச்சர், அன்று நான் வந்து எடுத்துவிடுகிறேன். மயிலாப்பூர்தானே. பிள்ளைகள் மேடை முடிந்த களைப்பில் அவசரமாகத் தேய்த்துக்கொள்வார்கள்.

கயல். 2 ஜூன், இரவு 10.10

நாலு வாரம் ஆகப்போகிறது. எழுதி வைத்ததிலிருந்து சொல்கிறேன்.

முதல் வாரம் இழுப்பு பாதியானது. இரண்டாவது வாரம், சுமதி அக்கா சொன்னபடி கை நனைத்துத் தேய்ப்பதை அரை நிமிடம் ஆக்கிய பிறகு, ஃபேஸ் வாஷ் பட்டாணி அளவிலேயே நின்றுவிட்டது, இன்னொரு முறை போடத் தோன்றவில்லை. மூக்கோரம் உரிவது மூன்றாவது வாரம் நின்றது. பதினொரு மணி எண்ணெய் மினுக்கு முழுதாகப் போகவில்லை, இந்த வெயிலில் அது என் முகத்தின் குணமாகவே இருக்கலாம். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் இரண்டு நாள் சாதா சன்ஸ்கிரீன், ஒரே கழுவல்.

நடுவில் ஒருநாள் களைத்துப்போய் வந்து, முகம் கழுவிவிட்டுத்தான் எண்ணெய் ஞாபகம் வந்தது. ஈர முகத்திலேயே தடவினேன். கை வைத்ததுமே பாலாகிவிட்டது, காஜல் அசையவே இல்லை. காய்ந்த முகம் என்று ஏன் அவ்வளவு அழுத்திச் சொன்னீர்கள் என்று அன்றுதான் புரிந்தது.

ஒன்று மட்டும் இன்னும் சரியாகவில்லை. காலையில் எழுந்தால் கீழ் இமை ஓரம் கறுப்புக் கோடு. கண்ணுக்கு நிறைய எண்ணெய் விட்டால் பார்வை மங்கிக் கொஞ்ச நேரம் புகைமாதிரி இருக்கிறது.

சுமதி. 2 ஜூன், இரவு 11.05

கண்ணுக்கு நிறைய எண்ணெய் விடாதீர்கள். முகத்துக்கு முன்னால் கண்ணைத் தனியாக முடித்துவிடுங்கள். பஞ்சில் எண்ணெயைத் தொட்டு, மூடிய கண்மேல் வைத்து மெதுவாக முப்பது எண்ணுங்கள், தேய்க்கவே வேண்டாம். பிறகு மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. கீழ் இமை ஓரத்துக்குப் பஞ்சை மடித்து அந்த முனையால். பஞ்சில் கறுப்பு வருவது நிற்கும் வரைக்கும் பஞ்சை மாற்றலாம், அழுத்தத்தைக் கூட்டக் கூடாது.

இமைக்கு உள்பக்கம் காஜல் போடுகிறீர்களா? அங்கே போட்டது இரவு முழுக்கக் கண்ணீரோடு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். அதற்கு என்னிடமும் முழு விடை இல்லை. உள்ளே விரலோ எண்ணெயோ போக வேண்டாம். காலையில் ஈரப் பஞ்சால் அந்தக் கோட்டை எடுத்துவிடுங்கள்.

கயல். 2 ஜூன், இரவு 11.12

உள்பக்கம்தான் போடுகிறேன். ஒரு வாரம் வெளியே மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.